கப்பை எடுத்துவிட்டு கிளாஸ் வைப்பது: விளம்பரப் படத்தில் ஒரே ஒரு பொருளை இன்பெயின்டிங்கில் திருத்தும் முறை

குன்னூரில் வர்க்கி போடும் ஒரு பேக்கரிக்குச் செய்த விளம்பரப் படத்தை வைத்தே முழு முறையையும் சொல்கிறேன். எழுத்தில் சொன்னதைப் படமாக வரைந்து தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ மாடலில் உருவாக்கிய படம் அது. முன்னால் பழைய மர மேஜை, அதன் மேல் ஒரு தட்டு, பக்கத்தில் ஆவி பறக்கும் டீ. பின்னால் பனி இறங்கும் தேயிலைச் சரிவு, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். கடைக்காரருக்குப் படம் பிடித்துப்போனது. ஒன்றைத் தவிர.

"தம்பி, மலையும் பனியும் அப்படியே நம்ம ஊரு மாதிரியே இருக்கு, அதைத் தொடாத. ஆனா நம்ம கடையில யாரு பீங்கான் கப்புல, அடியில சாசர் வச்சு டீ குடிக்கிறாங்க? கிளாஸா மாத்திக் குடு."

அவர் சொன்னது சரிதான். கூர்ந்து பார்த்தால் அந்தக் கப்பிலேயே கோளாறு இருந்தது. கைப்பிடியின் கீழ்முனை கப்போடு ஒட்டாமல் நின்றது, ஸ்பூன் பாதியில் சாசருக்குள் கரைந்து போயிருந்தது.

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் மாடலுக்கு எழுதிக் கொடுத்த ப்ராம்ப்டில் கப்பு என்பதை அழித்து கிளாஸ் என்று எழுதி, மறுபடி படம் உருவாக்குவார்கள். கிளாஸ் வரும், ஆனால் அந்த மலை வராது. படம் எந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து உருவாகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் வைத்தாலும் ப்ராம்ப்டில் ஒரு வார்த்தை மாறினால் படம் முழுக்க அசையும், ஏனென்றால் ஒவ்வொரு வார்த்தையும் படத்தின் எல்லாப் பகுதிகளையும் பாதிக்கிறது. மரங்கள் இடம் மாறும், பனி வேறு பக்கம் போகும். அதனால் கப்பு இருக்கும் இடத்தை மட்டும் மாடலிடம் கொடுத்து, மற்றதைப் பூட்டி வைக்க வேண்டும். அதுதான் இன்பெயின்டிங்.

நான் இங்கே ஸ்டேபிள் டிஃப்யூஷனை பிரவுசரில் இயக்க உதவும் AUTOMATIC1111 என்ற வெப் யூஐயை வைத்துச் சொல்கிறேன். அதில் `img2img` தாவலுக்குள் `Inpaint` என்ற உள்தாவல் இருக்கும். வேறு கருவி வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர் மாறலாம், ஆனால் மாஸ்க், சுற்றுப்புறம், திருத்தத்தின் பலம் என்ற மூன்றும் பெரும்பாலான கருவிகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

தொடங்கும் முன் மூலப் படத்தை PNG ஆக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஜேபெக் ஆகச் சேமித்துச் சேமித்துத் திறந்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். கடைப் பெயர், விலை, போன் நம்பர் போன்ற எழுத்துகளை இப்போது சேர்க்க வேண்டாம். படம் முழுக்கச் சரியான பிறகு வேறு மென்பொருளில் அவற்றை மேலே வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்க் போடுவது

மாஸ்க் என்பது மாற்ற வேண்டிய இடத்தின் மேல் தூரிகையால் பூசும் பூச்சு. பூசிய இடம் மாறும், பூசாத இடம் அப்படியே இருக்கும். கேட்க எளிது, ஆனால் பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன.

பொருளின் ஓரத்தை ஒட்டி அச்சுப் பிசகாமல் மாஸ்க் வரைவதுதான் முதல் தவறு. கப்பு, கைப்பிடி, சாசர் எல்லாவற்றின் விளிம்பையும் பிடித்து அழகாக வரைந்தீர்கள் என்று வையுங்கள். காலி இடமே கப்பின் உருவத்தில் இருக்கிறது, பக்கத்தில் காது மாதிரி ஒரு வளைவும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வளைவை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டுமே! மாடல் அங்கே மறுபடி ஒரு கைப்பிடியைத்தான் வைக்கும். எந்த உருவமும் தெரியாத ஒரு பெரிய திட்டாகப் பூசுங்கள். கப்பும் கைப்பிடியும் சாசரும் அதற்குள் மூழ்கிப்போக வேண்டும்.

இரண்டாவது தவறு, பொருளை மட்டும் பூசிவிட்டு அது விட்டுச்சென்ற தடயங்களை மறப்பது. எங்கள் படத்தில் வெயில் இடப்பக்கத்திலிருந்து வந்தது, கப்பின் நிழல் வலப்பக்கம் மேஜையில் நீண்டு கிடந்தது. அந்த நிழலில் கைப்பிடியின் ஓட்டைகூடத் தெரிந்தது. நிழலை விட்டுவிட்டால் கிளாஸுக்குக் கைப்பிடி உள்ள நிழல் விழும். அதைவிட மோசம், எஞ்சிய நிழலைப் பார்த்து மாடலே இங்கே கைப்பிடி இருக்க வேண்டும் என்று கணித்து ஒன்றை ஒட்டிவிடும். நிழல், மேஜைப் பளபளப்பில் தெரியும் பிம்பம், மேலே போகும் ஆவி மூன்றையும் சேர்த்தே பூச வேண்டும்.

அப்புறம், வரப்போகும் பொருளுக்கும் இடம் வேண்டும். டீக்கடைக் கிளாஸ் கப்பைவிட உயரம். கப்பின் விளிம்போடு மாஸ்க்கை நிறுத்தினால் குட்டையான, நசுங்கிய கிளாஸ் வரும். மேலே ஒன்றரை மடங்கு உயரத்துக்கு விட்டேன்.

மாஸ்க்கின் ஓரம் எங்கே போய் முடிகிறது என்பதையும் பாருங்கள். மேஜைப் பலகைகளுக்கு இடையே ஒரு கோடு ஓடினால் அந்தக் கோட்டின் குறுக்கே மாஸ்க்கை வெட்டாமல், பலகையின் வெறும் பகுதியில் முடிப்பது நல்லது. கோடு வெட்டுப்பட்டால் உள்ளே புதிதாக வரும் கோடு வெளியே உள்ளதோடு ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் தள்ளிச் சேரும், கண் நேராக அங்கேதான் போகும். தவிர்க்க முடியாவிட்டால் பரவாயில்லை, கடைசியில் சரிபார்க்கும்போது அந்த இடத்தை முதலில் பாருங்கள். `Mask blur` என்பது ஓரத்தை எவ்வளவு மங்கலாக்கி ஒட்டுவது என்பதைச் சொல்கிறது. முன்னிருப்பாக 4 இருக்கும். மர மேஜைக்கு அதுவே போதும். பனி மாதிரி மென்மையான பின்னணிக்குள் ஓரம் போனால் 10 வரை ஏற்றலாம்.

முழுப் படமா, மாஸ்க் பகுதி மட்டுமா

`Inpaint area` என்ற இடத்தில் `Whole picture`, `Only masked` என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ஒரு சிறு பொருளைத் திருத்தும்போது இதுதான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது, அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் உங்கள் படத்தின் பிக்சல்களில் நேரடியாக வேலை செய்வதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஒரு வடிவத்தில்தான் வரைகிறது. எங்கள் படம் 1216×832 பிக்சல். அதில் கப்பின் அகலம் 200 பிக்சல். மாடலின் கண்ணுக்கு அது வெறும் 25 கட்டங்கள். 25 கட்டத்துக்குள் கிளாஸின் விளிம்பு, டீயின் நுரை, கண்ணாடியின் தடிமன் எல்லாம் வர வேண்டும் என்றால் எப்படி வரும்? கப்பின் கைப்பிடி முதலில் கோணலாக வந்ததற்கும் இது ஒரு காரணம். `Whole picture` வைத்தால் மறுபடி அதே நெருக்கடிதான்.

`Only masked` வைத்தால் மாஸ்க் உள்ள பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, நீங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு, அங்கே புதிதாக வரையப்பட்டு, பிறகு சுருக்கி அதே இடத்தில் ஒட்டப்படும். எங்கள் மாஸ்க் 340×360 பிக்சல் அளவில் இருந்தது. `Width`, `Height` இரண்டையும் 1024 ஆக வைத்தேன். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் மாடலுக்கு ஏற்ற அளவு அதுதான். அதற்கு முந்தைய 1.5 பதிப்பு மாடல் என்றால் 512 வையுங்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. வெட்டி எடுத்த துண்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது மாடலுக்குத் தெரியவே தெரியாது. துண்டு மிக நெருக்கமாக இருந்தால் வெளிச்சம் எந்தப் பக்கம், மேஜை எந்தக் கோணம் என்பதெல்லாம் தெரியாமல், கிளாஸ் வேறு ஏதோ அறையில் எடுத்த படம் போல வந்து நிற்கும். அதற்காகத்தான் `Only masked padding, pixels` என்ற அமைப்பு. மாஸ்க்கைச் சுற்றி எவ்வளவு பகுதியைச் சேர்த்துக் காட்டுவது என்பது அது. முன்னிருப்பான 32 இந்த வேலைக்குப் போதாது. நான் 96 வைத்தேன். பக்கத்துத் தட்டின் ஓரமும் பலகையின் கோடும் மேஜையில் விழும் வெயிலும் துண்டுக்குள் வந்தன, அப்படியும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிதாக வரைய இடம் இருந்தது. புதிய பொருளின் நிறம் சுற்றுப்புறத்தோடு ஒட்டாமல் இளஞ்சிவப்பாகவோ அதிக மஞ்சளாகவோ தெரிந்தால் முதலில் இந்த எண்ணை ஏற்றிப் பாருங்கள்.

ப்ராம்ப்டை மாற்றுவது

மூலப் படத்தை உருவாக்கிய பெரிய ப்ராம்ப்டை இங்கே அப்படியே விட்டுவைக்காதீர்கள். அதில் தேயிலை மலை, பனி, மரம் எல்லாம் இருக்கும். மாடலிடம் இப்போது இருப்பதோ மேஜையின் ஒரு துண்டு. சொன்னதையெல்லாம் அந்தத் துண்டுக்குள் திணிக்கப் பார்க்கும். கிளாஸுக்குள்ளே குட்டியாக ஒரு தேயிலைத் தோட்டம் தெரிந்தால் காரணம் இதுதான். துண்டுக்குள் என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுதுங்கள்:

```
a small clear glass tumbler filled with milky brown tea,
on an old wooden table, morning light from the left,
soft shadow to the right, photo
```

வேண்டாதவற்றை எதிர்மறை ப்ராம்ப்ட் பெட்டியில் போடுங்கள்:

```
handle, saucer, spoon, teacup
```

முதல் பெட்டியில் கைப்பிடி இல்லாத கிளாஸ் என்று எழுத வேண்டாம். இல்லாத என்பதை மாடல் சரியாகப் பிடிக்காது, கைப்பிடி என்ற சொல் மட்டும் வேலை செய்துவிடும்.

பால் டீ என்று குறிப்பாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பால் டீயின் ஊடே எதுவும் தெரியாது, வரைய எளிது. கட்டஞ்சாயா என்றால் கண்ணாடி வழியே பின்னால் உள்ள பலகை வளைந்து தெரிய வேண்டும். அந்த வளைவை இந்த மாடல்கள் பெரும்பாலும் தப்பாகவே போடும்.

கையால் ஒரு கிறுக்கல், பிறகு பலம்

`Denoising strength` என்பது மாஸ்க்குக்குள் இருப்பதை எவ்வளவு தூரம் கலைத்துவிட்டு வரைவது என்பது. 0 என்றால் ஒன்றும் மாறாது, 1 என்றால் பழையது ஏறக்குறைய முழுக்கப் போய்விடும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். `Masked content` அமைப்பில் `original` வைத்து, பலத்தை 0.4 ஆக வைத்தால் கப்பு போகவே போகாது. கப்பு உருவத்திலேயே கண்ணாடி மாதிரி ஏதோ வரும், கைப்பிடியும் இருக்கும். 0.9 ஆக ஏற்றினால் கப்பு போய்விடும், ஆனால் கிளாஸ் எங்கே வரும், எவ்வளவு பெரிதாக வரும், ஒன்று வருமா இரண்டு வருமா என்பது மாடலின் இஷ்டம். `latent noise` வைத்தாலும் இதே கதைதான். அதோடு அந்தத் தேர்வில் பலம் 0.8க்குக் கீழே போனால் கலங்கலான திட்டுகளும் மிஞ்சும்.

எனக்குத் தெரிந்து இதற்கு நம்பகமான வழி, மாடலுக்கு முன்னால் நீங்களே கொஞ்சம் வரைந்து கொடுப்பது. படத்தை ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, குளோன் கருவியால் பக்கத்துப் பலகையை எடுத்து கைப்பிடி, சாசர், பழைய நிழல் எல்லாவற்றையும் மூடுங்கள். சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. கிளாஸ் வர வேண்டிய இடத்தில் மேலே அகன்று கீழே குறுகும் உருவத்தில் டீ நிறத்தைப் பூசுங்கள். மேல் விளிம்புக்குக் கீழே நுரைக்காக வெளிர் நிறத்தில் ஒரு பட்டை. அதற்கு மேல் கொஞ்சம் வெற்றுக் கண்ணாடி தெரியட்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கீற்று, வலப்பக்கம் மேஜையில் ஒரு மங்கலான கருமை. ஓவியம் தெரியாதவர்களும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் இடம், அளவு, நிறம், வெளிச்சத்தின் திசை நான்கையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள், இனி மாடலுக்கு மிச்சம் இருப்பது கண்ணாடியாகவும் டீயாகவும் அதை மாற்றும் வேலை மட்டும்.

இந்தப் படத்தை `Inpaint` தாவலில் ஏற்றி, முன்பு சொன்னபடி பெரிய திட்டாக மாஸ்க் பூசி, `Masked content` இடத்தில் `original` வைத்து, பலத்தை 0.6 ஆக வையுங்கள். சீட் `-1` இருக்கட்டும், `Batch count` 4 வைத்தால் நான்கு வெவ்வேறு முடிவுகள் வரும். கிளாஸ் பிளாஸ்டிக் மாதிரித் தட்டையாக, உங்கள் தூரிகைத் தடம் தெரிய வந்தால் பலம் போதவில்லை, 0.65, 0.7 என்று ஏற்றுங்கள். நீங்கள் வரைந்த இடத்தை விட்டு நகர்ந்தாலோ, சாசர் திரும்பி வந்தாலோ பலம் அதிகம், 0.55க்கு இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். பாடிங்கையும் பலத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நான்கில் ஒன்று பெரும்பாலும் தேறும், ஆனால் முழுசாகத் தேறாது. எங்கள் படத்தில் கிளாஸ் நன்றாக வந்தது, மேல் விளிம்பின் வட்டம் மட்டும் பின்பக்கம் கொஞ்சம் நெளிந்திருந்தது. அதற்காக முழுக் கிளாஸையும் மறுபடி வரைய வைக்க வேண்டாம். அந்த முடிவையே திரும்ப `Inpaint` தாவலுக்கு அனுப்பி, விளிம்பின் மேல் மட்டும் சிறிதாக மாஸ்க் போட்டு, பலத்தை 0.4 ஆக வைத்தால் போதும்.

பலத்தை அதிகமாக வைத்தே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. ஒரு பொருளை முழுக்க எடுத்துவிட்டு அங்கே வெறும் மேஜையைக் காட்டுவது போன்றவை. அப்போது சாதாரண மாடலில் ஓரம் தெரியும். இன்பெயின்டிங்குக்கென்றே பயிற்சி கொடுத்த மாடல்களைப் போட்டுப் பாருங்கள். மாஸ்க்கையும் அதைச் சுற்றியுள்ள படத்தையும் தனி உள்ளீடாகப் பெறும்படி அவை அமைக்கப்பட்டிருப்பதால் ஒட்டு நன்றாக இருக்கும்.

மற்றது மாறவில்லை என்று உறுதி செய்வது

மலையைத் தொடாதே என்று கடைக்காரர் சொன்னார் அல்லவா, தொடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது. மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் ஜிம்ப்பில் இரண்டு அடுக்குகளாக வைத்து, மேல் அடுக்கின் கலப்பு முறையை `Difference` ஆக மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கருப்பாகும். கிளாஸும் அதைச் சுற்றி நீங்கள் மாற்றிய பகுதியும் மட்டும் மின்ன வேண்டும். மலையில் லேசாகவாவது சாம்பல் தெரிந்தால் அங்கும் மாறியிருக்கிறது என்று பொருள்.

AUTOMATIC1111 மூலப் படத்தின் மேல்தான் புதிய பகுதியை ஒட்டுகிறது, அதனால் வெளியே மாறாது. ComfyUI என்ற இன்னொரு கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே எளிய அமைப்பில் முழுப் படமும் சுருங்கி விரிந்து திரும்பி வரும், முகங்களும் சிறு இலைகளும் நுணுக்கமாக மாறிவிடும். அந்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். திருத்திய படத்தை மேல் அடுக்காக வைத்து, கிளாஸ் பகுதியை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிடுங்கள், கீழே உள்ள மூலப் படம் தெரியும்.

கடை வாசலில் ஒட்ட ஏ3 அளவில் அச்சடிக்க வேண்டும் என்றால் 300 டிபிஐக்கு 3508×4961 பிக்சல் தேவை. பெரிதாக்கும் வேலையை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகே செய்யுங்கள். பெரிதாக்கிய படத்தில் திருத்தினால் பழைய பகுதிக்கும் புதிய பகுதிக்கும் கூர்மை வேறுபட்டு, ஒட்டு தெரியும்.

வர்க்கி மட்டும் வேறு வழி

கிளாஸ் முடிந்ததும் தட்டில் இருப்பதையும் இதே மாதிரி வர்க்கியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். வராது. டீ கிளாஸ் மாதிரியான உருவங்களை மாடல் ஏராளமாகப் பார்த்திருக்கிறது. வர்க்கியைப் பார்த்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ப்ராம்ப்டில் என்ன எழுதினாலும் பப்ஸோ, பிறை வடிவ பிரெஞ்சு ரொட்டியோதான் வரும். ஒழுங்கில்லாத உருவமும் மொறுமொறுப்பான அடுக்குகளுமாக இருக்கும் நம் வர்க்கி வராது. அப்படியே வந்தாலும் விற்கிற பண்டத்தைக் கற்பனையாக வரைந்து காட்டுவது சரியில்லை. பொருளைத் தவறாகக் காட்டும் விளம்பரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. கப்போ கிளாஸோ மேஜையில் இருக்கும் அலங்காரம், வர்க்கிதான் சரக்கு.

அதனால் உண்மையான வர்க்கியை போனில் படம் எடுங்கள். ஜன்னல் ஓரம், வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும்படி, படத்தில் உள்ள தட்டு எந்த உயரத்திலிருந்து தெரிகிறதோ அதே உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். ஜிம்ப்பில் வெட்டித் தட்டின் மேல் வையுங்கள், வலப்பக்கம் மெல்லிய நிழல் பூசுங்கள். இப்போது மாஸ்க் வளையமாக இருக்க வேண்டும்: வர்க்கியும் தட்டும் சந்திக்கும் ஓரமும் நிழலும் மட்டும். வர்க்கியின் மேல் மாஸ்க் ஏறக் கூடாது. பலம் 0.3 போன்ற குறைந்த அளவில் இருந்தாலும் அடுக்குகளை மாடல் வழவழவென்று ஆக்கிவிடும். ப்ராம்ப்டில் வர்க்கி என்று எழுதாமல், தட்டும் நிழலும் மட்டும் எழுதி, பலத்தை 0.35 வைத்தால் ஒட்டு மறைந்துவிடும்.

மறையவில்லை என்றால் அநேகமாகக் கோணம்தான் காரணம். மேலிருந்து எடுத்த வர்க்கியை, பக்கவாட்டில் தெரியும் தட்டில் எந்தப் பலத்தாலும் உட்கார வைக்க முடியாது. போனை மேஜை மட்டத்துக்கு இறக்கி மறுபடி எடுங்கள், அந்தப் படத்தை வைத்து வளைய மாஸ்க்கிலிருந்து தொடருங்கள்.